ஒரு மெயிலுக்கு ஒரு அதிர்வு போதும்



ஊரில் இப்போது பாதிப் பேரின் கையில் ஸ்மார்ட் வொட்ச் இருக்கிறது. ஆசிரியர் ஓய்வறையில், கடைத்தெருவில், பள்ளிவாசல் ஸஃப்பில் என்று எங்கு பார்த்தாலும் இருக்கிறது. வாங்குவது அவரவர் விருப்பம், அதைப் பற்றி இங்கே கதைக்கவில்லை. நாங்கள் கதைப்பது ஒரேயொரு விசயம். ஒரு மின்னஞ்சல் வந்தால் மேசையில் இருக்கிற போனும் அதிர்கிறது, கையில் இருக்கிற வொட்சும் அதிர்கிறது. அது அப்படித்தான் இருக்கும் என்று பலர் ஏற்றுக்கொண்டு விட்டார்கள். "ரெண்டும் அடிக்கட்டும், ஒன்று தவறினா மற்றது இருக்கும்தானே" என்று நியாயமும் சொல்கிறார்கள்.

அந்த நியாயம் பிழை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. இரண்டு சாதனமும் அதிர்ந்தால் பாதுகாப்பு இரண்டு மடங்காகாது, இருந்த பாதுகாப்பும் போய்விடும். எது அதிர வேண்டும் என்பதை வொட்ச் செய்த கொம்பனியோ விற்ற கடைக்காரரோ முடிவு செய்யக் கூடாது. நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்வோம். நம் ஊரில் பலர் கட்டியிருக்கிற வொட்சுக்கு மெயில் என்று எதுவும் வருவதில்லை. மெயில் போனுக்குத்தான் வருகிறது. போன் திரையில் ஒரு அறிவித்தலைப் போடுகிறது. வொட்சோடு சேர்த்துப் போனில் ஒரு செயலியை ஏற்றினோமே, அதற்கு முதல் நாளே "அறிவித்தல்களை வாசிக்க அனுமதி" என்று ஒன்றைக் கொடுத்திருப்போம். அந்த அனுமதியை வைத்து அந்தச் செயலி போனில் விழுகிற ஒவ்வொரு அறிவித்தலையும் பார்த்து, அதன் முதல் சில வரிகளை புளூடூத் வழியாக வொட்சுக்கு அனுப்புகிறது. ஆகவே வொட்ச் என்பது இங்கே ஒரு கண்ணாடி. போனில் ஒன்று விழுந்தால் கண்ணாடியிலும் ஒன்று தெரியும். போனில் ஒரே மெயிலுக்கு இரண்டு விழுந்தால் கண்ணாடியிலும் இரண்டு தெரியும். தொல்லையின் பாதிக் காரணம் வொட்சில் இல்லை, போனில் இருக்கிறது. இது விளங்காமல் வொட்சை மாற்றியும் பிரயோசனமில்லை.

ஒரு சம்பவத்தை அப்படியே கணக்குப் பார்ப்போம். எங்களோடு படிப்பிக்கிற ஒரு ஆசிரியர். அண்ட்ரொய்ட் போன், மலிவான ஒரு வொட்ச். அவருடைய ஒரே மின்னஞ்சல் கணக்கு போனில் இரண்டு செயலிகளில் இருக்கிறது. ஒன்று ஜிமெயில். மற்றது போனோடு வந்த மெயில் செயலி, போன் வாங்கின அன்று கடைப் பொடியன் போட்டுக் கொடுத்தது. மூன்றாம் பாடவேளையில் ஒரு மெயில் வருகிறது. செயலமர்வின் திகதி மாறியிருக்கிறது என்பது செய்தி. ஜிமெயில் உடனே அறிவிக்கிறது. போன் ஒரு தரம், வொட்ச் ஒரு தரம். மற்றச் செயலி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம்தான் போய்ப் பார்க்கும்படி போடப்பட்டிருக்கிறது. ஆகவே அது பத்து நிமிடம் கழித்து அதே மெயிலைப் புதிதுபோல அறிவிக்கிறது. போன் ஒரு தரம், வொட்ச் ஒரு தரம். ஒரு மெயிலுக்கு நான்கு அதிர்வு. அதில் பிந்தி வந்த இரண்டும் வேறு மெயில் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அதன் பிறகு உண்மையாகவே இரண்டாவது மெயில் வருகிறது. இதில் நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு படிவம் இணைக்கப்பட்டிருக்கிறது. மறுநாள் காலை 9 மணிக்குள் திரும்ப அனுப்ப வேண்டும். முதல் மெயில் இன்னும் திறக்கப்படவில்லை. இப்படி ஒன்றுக்கு மேல் சேரும்போது அண்ட்ரொய்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு அறிவித்தல், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கத் தலைப்புப்போல இன்னுமொரு அறிவித்தல். போன் திரையில் இது ஒரே கட்டாகத்தான் தெரியும், ஒரு தரம்தான் அதிரும். நன்றாகச் செய்த வொட்ச் செயலி அந்தத் தலைப்பை அனுப்பாமல் விட்டுவிடும். மலிவாகச் செய்த செயலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் அனுப்பும். எனவே ஜிமெயிலால் போன் ஒன்று, வொட்ச் இரண்டு. பிறகு மற்றச் செயலியால் போன் ஒன்று, வொட்ச் ஒன்று. இந்த மெயிலுக்கு ஐந்து.

கூட்டிப் பாருங்கள். இரண்டு மெயிலுக்கு ஒன்பது அதிர்வு, அதுவும் ஒரே பாடவேளைக்குள். ஐந்தாவதுக்கு மேல் அவர் வொட்சைப் பார்க்கவே இல்லை. மணி அடித்ததும் போனை எடுத்து, குவிந்து கிடந்ததை எல்லாம் ஒரேயடியாக Clear all கொடுத்துத் துடைத்துவிட்டார். "எல்லாம் அந்தச் செயலமர்வு மெயில்தான்" என்று நினைத்தார். அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருந்தது, முதல் நான்கும் அதுதானே. படிவத்தைக் கண்டது இரவு இஷாவுக்குப் பிறகு, வேறொருவர் கேட்டதால். ஒன்பது அதிர்வும் அவருக்கு உதவவில்லை. ஒன்றே ஒன்று, ஒரு மெயிலுக்கு ஒரு தரம் அதிர்ந்திருந்தால், இரண்டாவது அதிர்வு இரண்டாவது மெயில் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதுதான் எங்களுடைய முதல் வாதம். அதிர்வு என்பது ஒரு சொல். "புதிதாக ஒன்று வந்திருக்கிறது" என்பது அதன் பொருள். ஒரே விசயத்துக்கு நான்கு தரம் அதே சொல்லைச் சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போகிறது. பிறகு உண்மையாகவே புதிது வரும்போது சொல்ல வேறு சொல் இல்லை.

இரண்டாவது, அழிப்பது. "ஒன்று தவறினா மற்றது இருக்கும்" என்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. விலைகூடிய வொட்சுகளில், அதாவது ஐபோனோடு சேர்த்த அப்பிள் வொட்சிலும், கூகிளின் வெயார் ஓஎஸ்ஸில் ஓடும் வொட்சுகளிலும், கையில் வந்த அறிவித்தலைத் தள்ளி அழித்தால் போனில் இருக்கிற அறிவித்தலும் சேர்ந்து அழிந்துவிடும். ஒரே அறிவித்தலை இரண்டு இடத்தில் அழிக்க வைக்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள், அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் மற்றது இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. மெயில் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, வாசிக்கப்படாமல். நினைவூட்ட இருந்த அறிவித்தல் மட்டும் இரண்டு சாதனத்திலும் இல்லை. மலிவான வொட்சில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. கையில் அழித்தாலும் போனில் அப்படியே கிடக்கும், அதனால் பார்த்ததையே திரும்பவும் பார்க்க வேண்டும். ஒன்றில் நினைவூட்டல் தொலைகிறது, மற்றதில் குப்பை சேர்கிறது. இரண்டு அதிர்வால் இரண்டு பாதுகாப்பு கிடைக்கிற வொட்ச் எது என்று யாராவது காட்டட்டும்.

"இது வொட்சின் இயல்பு, மாற்ற முடியாது" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. அப்பிள் வொட்ச் ஒரு நேரான விதியை வைத்திருக்கிறது. ஐபோன் திறந்து பாவனையில் இருந்தால் அறிவித்தல் போனில் மட்டும். போன் பூட்டி இருந்து, வொட்ச் கையில் கட்டித் திறந்த நிலையில் இருந்தால் அறிவித்தல் வொட்சுக்கு. கண் போன் திரையில் இருக்கிறபோது கையைத் தட்ட வேண்டியதில்லை என்பது யாருக்கும் விளங்குகிற நியாயம்தானே. வேறு சில கொம்பனிகளின் வொட்சுகளிலும் போனைப் பாவிக்கும்போது கைக்கு அனுப்பாதே, வொட்ச் கட்டியிருந்தால் போனைச் சத்தமில்லாமல் வை என்ற தெரிவுகள் இருக்கின்றன. அவற்றின் பெயரும் இடமும் மொடலுக்கு மொடல் மாறும். செயலியில் அறிவித்தல் பகுதியைத் திறந்து பார்த்தால் கிடைக்கும். ஆகவே செய்ய முடியும். செய்யாத கொம்பனிகள் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஐபோனோடு வேறு கொம்பனியின் வொட்சைக் கட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐபோன் அந்த வொட்சுக்கு அறிவித்தலை புளூடூத் வழியாகக் கொடுக்கும். ஆனால் போன் இப்போது கையில் பாவனையில் இருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்பதைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. ஆகவே அந்த வொட்ச் எப்போதும் அதிரும். நீங்கள் அந்த மெயிலையே வாசித்துக்கொண்டிருந்தாலும் அதிரும். அங்கே தானாக ஒரு முடிவு வராது, நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

சரி, எதை அதிர விடுவது? மெயிலைப் பொறுத்தவரை எங்கள் பதில் போன்தான். காரணம் வொட்சின் பெருமை சிறுமை இல்லை, மெயில் என்ற சாமானின் தன்மை. ஒரு தொலைபேசி அழைப்பு என்றால் யார் என்று கையைப் பார்த்தால் போதும், எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்யலாம். மெயில் அப்படி இல்லை. நமக்கு வருகிற மெயிலில் விசயம் பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கிறது. சுற்றுநிருபம், படிவம், பெயர்ப்பட்டியல். மலிவான வொட்சில் அது திறக்காது. தெரிவது அனுப்பியவர் பெயரும் இரண்டு வரியும், "இத்துடன் இணைக்கப்பட்டுள்ள" என்பதோடு நின்றுவிடும். அதைப் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. செய்ய முடியாத இடத்தில் ஒரு செய்தியைக் காட்டினால் மனம் அங்கே போய்விடும், வேலை நடக்காது. பிறகு போனில் அதே செய்தியைக் காணும்போது "இது பார்த்ததுதானே" என்று தோன்றும். பார்த்தோம், வாசிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில்தான் மெயில்கள் தொலைகின்றன.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை மறைக்க மாட்டோம். எங்கள் சகோதரிமார், ஆசிரியைகள், போனைக் கைப்பையில் போட்டு வைக்கிறார்கள். பை அலுமாரியில் இருக்கும், அதிர்வு கேட்காது. மோட்டார் சைக்கிளில் சாமான் கொண்டுபோகிறவருக்கும் போன் உள்சட்டைப் பையில். இவர்களுக்குக் கைதான் வசதி. நாங்களும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அப்போது போன் அந்த மெயிலுக்குச் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். கை என்றால் கை மட்டும். இன்னொன்று, புளூடூத் சாதாரணமாகப் பத்து மீற்றர் அளவுக்குத்தான், இடையில் சுவர் வந்தால் இன்னும் குறையும். போனை ஓய்வறையில் வைத்துவிட்டு மேல்மாடி வகுப்புக்குப் போனால், சொந்தமாக சிம்மோ வைபையோ இல்லாத வொட்சுக்கு ஒன்றும் வராது. "போனை வைத்துவிட்டுப் போனாலும் வொட்ச் சொல்லும்" என்று நம்பி இருக்கிறவர்கள் இதை ஒருதரம் நடந்து பார்த்துச் சோதிப்பது நல்லது.

இனி செய்கிற முறை. ஒரு சோதனையில் தொடங்குங்கள். வேறொருவரின் கணக்கிலிருந்து உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். போனைப் பூட்டி மேசையில் வையுங்கள், வொட்ச் கையில் இருக்கட்டும். போன் எத்தனை, கை எத்தனை என்று எண்ணுங்கள். பதினைந்து இருபது நிமிடம் பொறுங்கள், பிந்தி வருகிறதும் கணக்கில் சேர வேண்டும். முதல் மெயிலைத் திறக்காமலே இரண்டாவதையும் அனுப்பச் சொல்லி எண்ணுங்கள். பிறகு போனைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தரம்.

போனில் வெவ்வேறு அடையாளப் படத்தோடு இரண்டு அறிவித்தல் இருந்தால், ஒரே கணக்கு இரண்டு செயலிகளில் இருக்கிறது. நீங்கள் பாவிக்காத செயலியிலிருந்து கணக்கை எடுத்துவிடுங்கள், அல்லது அந்தச் செயலியின் அறிவித்தலை நிறுத்துங்கள். கணக்கை அந்தச் செயலியிலிருந்து எடுப்பதால் மெயில் அழியாது, அது சேவரில் இருக்கிறது. இந்த ஒன்றைச் செய்தாலே பலருக்குப் பாதி அதிர்வு குறைந்துவிடும்.

போனில் ஒன்று, கையில் இரண்டு என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். நல்ல வொட்ச் என்றால் அதற்குள்ளேயே ஒரு மெயில் செயலி ஏற்றப்பட்டிருக்கலாம். அது தானும் அறிவிக்கிறது, போனின் கண்ணாடியும் வருகிறது. அப்போது வொட்சில் இருக்கிற மெயில் செயலியை எடுத்துவிடலாம். மலிவான வொட்ச், அதுவும் இரண்டாவது மெயிலில் மட்டும் இரண்டு தரம் அதிர்கிறது என்றால், நாங்கள் மேலே சொன்ன தலைப்புக் கோளாறு. அந்த வொட்ச் செயலியில் இதற்கென்று தெரிவு இருப்பது அரிது. மெயிலை கைக்கு அனுப்பாமல் நிறுத்துவதுதான் மருந்து.

போன் ஒன்று, கை ஒன்று என்றால் அது வெறும் கண்ணாடி. இங்கேதான் தெரிவு. போன் மட்டும் என்றால், வொட்சின் செயலியைத் திறந்து, எந்தெந்தச் செயலியின் அறிவித்தல் கைக்கு வர வேண்டும் என்ற பட்டியலில் ஜிமெயிலை மட்டும் நிறுத்துங்கள். அப்பிள் வொட்ச் என்றால் ஐபோனில் Watch செயலி, அதில் Notifications, கீழே Mirror iPhone Alerts From என்ற பட்டியல். ஐபோனோடு வேறு வொட்ச் என்றால் முதலில் அதன் செயலியில் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஐபோனின் புளூடூத் செட்டிங்ஸில் அந்த வொட்சின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அடையாளத்தைத் தட்டி Share System Notifications என்பதை நிறுத்தலாம், ஆனால் அது மெயிலை மட்டுமல்ல, எல்லா அறிவித்தலையும் நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. போனின் செட்டிங்ஸுக்குப் போய் ஜிமெயிலின் அறிவித்தலையே முற்றாக நிறுத்திவிட்டு, "கையில் மட்டும் வரும்" என்று காத்திருக்காதீர்கள். கண்ணாடிக்கு முன்னால் ஆள் இல்லையென்றால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. கை மட்டும் வேண்டுமென்றால் போனில் அறிவித்தல் இருக்க வேண்டும், ஆனால் சைலண்டாக இருக்க வேண்டும். சில வொட்சுகள் அந்த மௌனத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு அதிராமல் விட்டுவிடும், சில அதிரும். உங்களுடையது எது என்று மேலே சொன்ன சோதனையைத் திரும்பச் செய்தால் தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புகிறவர்களுக்கு. உண்மையில் எல்லா மெயிலும் அதிர வேண்டியதில்லை. கடைகளின் விளம்பரமும், எங்கேயோ பதிந்த தளத்தின் வாராந்தச் செய்தியும் ஒரு தரம்கூட அதிரத் தகுதியில்லாதவை. ஜிமெயிலில் கணக்கின் Notifications பகுதியில் High priority only என்று ஒன்று உண்டு, எது முக்கியம் என்று ஜிமெயில் தானே கணிக்கும். அதன் கணிப்பை நம்பாதவர்கள் தாங்களே வகுக்கலாம். கம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, கல்வி அலுவலக முகவரியிலிருந்து வருகிற மெயிலுக்கு ஒரு லேபல் விழும்படி ஒரு ஃபில்டர் போடுங்கள். போன் செயலியில் ஃபில்டர் போட முடியாது, அதனால்தான் கம்பியூட்டர். பிறகு அண்ட்ரொய்ட் போனில் Settings, உங்கள் கணக்கு, Manage labels என்று போய் அந்த லேபலை எடுத்து, முதலில் அதன் மெயில்கள் போனுக்கு இறங்கும்படி Sync messages என்பதைத் தெரிந்து, அடுத்து Label notifications என்பதைப் போடுங்கள். கடைசியாக, பொதுப் பெட்டியின் Label notifications அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இதை மறந்தால் எல்லாம் முன்போலவே அதிரும். அரைமணி நேர வேலை. அதன் பிறகு போன் அதிர்ந்தால் அது அலுவலகத்து மெயில்தான், எழுந்து போய்ப் பார்க்கலாம்.

இனி பள்ளிவாசல். இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. வாசலில் "கைபேசியை நிறுத்தவும்" என்று எழுதியிருக்கிறது. நம்மவர்கள் போனை சைலண்டில் போட்டுவிட்டு நிம்மதியாக ஸஃப்பில் நிற்கிறார்கள். சைலண்ட் என்பது போனின் சத்தத்தைத்தான் நிறுத்தும். அறிவித்தல் விழுவது நிற்காது, ஆகவே வொட்சுக்குப் போவதும் நிற்காது. இமாம் ஓதிக்கொண்டிருக்கும்போது கட்டிய கைக்கு மேலேயே அது அதிர்கிறது. போன் சட்டைப் பையில் அதிர்ந்தால் ஒரு நொடியில் அடங்கிவிடும். வொட்ச் தோலில் ஒட்டி இருக்கிறது, திரையும் எரிகிறது, பார்வை ஸுஜூதின் இடத்திலிருந்து மணிக்கட்டுக்குப் போகிறது. யாரோ அனுப்பிய விளம்பர மெயிலுக்காக. தொழுகைக்கு முன் வொட்சிலேயே Do Not Disturb போடுங்கள். வொட்சும் போனும் அந்த நிலையைப் பகிர்ந்துகொள்ளும்படி செய்ய முடியுமானால் அப்படிச் செய்யுங்கள், ஒன்றில் போட்டால் மற்றதிலும் விழும். அந்த வசதி இல்லாத வொட்ச் என்றால் வுழூவுக்குக் கழற்றியதைத் தொழுது முடியும்வரை சட்டைப் பையிலேயே வையுங்கள். நிர்வாகத்தினரிடம் எங்கள் வேண்டுகோள், வாசலில் எழுதியிருப்பதோடு "கைக்கடிகாரத்தின் அதிர்வையும்" என்று இரண்டு சொல் சேர்த்து எழுதுங்கள்.

வகுப்பறையும் அப்படித்தான். ஒரு பிள்ளை எழுந்து நின்று வாசிக்கிறது. ஆசிரியரின் கை அதிர்கிறது, அவர் மணிக்கட்டைப் பார்க்கிறார். அவருக்கு அது மெயில். பிள்ளைக்கு அது என்ன? மணிக்கட்டைப் பார்ப்பதற்கு இத்தனை காலமாக நம்மிடம் ஒரே பொருள்தான் இருந்தது, "நேரம் போகுது, சீக்கிரம் முடி." ஸ்மார்ட் வொட்ச் வந்தாலும் அந்தப் பொருள் மாறவில்லை. திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளை அதைக் கண்டதும் அவசரப்படும், பிறகு நிறுத்திவிடும். ஜனாஸா வீட்டில் ஆறுதல் சொல்லப் போன இடத்திலும் இதே கதைதான். மேசையில் கவிழ்த்து வைத்த போன் இந்த அநியாயத்தைச் செய்வதில்லை. மெயிலுக்குப் போனைத் தெரிவு செய்யச் சொல்வதற்கு எங்களிடம் இருக்கிற பெரிய காரணம் இதுதான். போனைப் பார்ப்பதற்குக் குறைந்தபட்சம் கையை நீட்ட வேண்டும், அந்த ஒரு நொடியில் இப்போது பார்க்கலாமா என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. கை அந்த இடத்தைத் தருவதில்லை.

கையில் வர வேண்டியவை உண்டு. உம்மா வாப்பாவின் அழைப்பு, பிள்ளையின் பாடசாலையிலிருந்து வரும் அழைப்பு, காலையில் எழுப்புகிற அலாரம். அவற்றை வொட்சில் விடுங்கள், மெயிலை எடுத்துவிடுங்கள். கடைக்காரச் சகோதரர்களே, வொட்சைச் செட் பண்ணிக் கொடுக்கும்போது எல்லாச் செயலியையும் திறந்துவிட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். "எது எது கையில வரணும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், ஒரு நிமிடம்தான் செல்லும்.

நாளைக்கு எங்கள் ஓய்வறையில் இடைவேளை நேரம் ஒருவருக்கொருவர் சோதனை மெயில் அனுப்பி எண்ணப் போகிறோம். நீங்களும் வீட்டில் எண்ணிப் பார்த்து, ஒரு மெயிலுக்கு எத்தனை அதிர்ந்தது, எந்த வொட்ச், எதை நிறுத்தியதும் குறைந்தது என்று கீழே எழுதுங்கள். அதே வொட்சை வைத்திருக்கிற இன்னொருவருக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.